மாலைக்குள் என்றால் எத்தனை மணி?

கடிதமோ சுற்றறிக்கையோ கரையோர ஊர்களுக்கான அறிவிப்போ, எதை வரைந்தாலும் கடைசியில் எழுதப்படுவது கெடுவைச் சொல்லும் வரிதான். மிகக் குறைவாக யோசிக்கப்படுவதும் அதுவே. விஷயத்தைத் திரும்பத் திரும்பத் திருத்துகிறவர்கள்கூட, முடிவில் ‘இன்று மாலைக்குள்’, ‘உடன்’, ‘காலதாமதமின்றி’ என்று கை பழகிய ஒரு சொல்லைப் போட்டுக் கையெழுத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் அறிவிப்புகளும் கடிதங்களும் வரையும் தொழிலில் இருக்கும் எனக்கு இதைப் பற்றி ஒரு உறுதியான கருத்து உண்டு. நாம் சொல்லும் கெடு, நமக்கு அடுத்து அந்த வேலையைக் கையில் எடுக்க வேண்டியவருடைய கடிகாரத்திலிருந்து பிறக்க வேண்டும். அப்படிப் பிறந்தால் அது தானாகவே தேதியாகவும் மணியாகவும் வந்து நிற்கும். ‘நாள் முடிவுக்குள்’ என்பதற்கும் ‘கூடிய விரைவில்’ என்பதற்கும் இடமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த இடம் நாம் நினைப்பதைவிட மிகக் குறுகியது என்பதுதான் என் வாதம்.

நாள் எப்போது முடிகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாடு அரசு அலுவலகத்தில் மாலை 5.45க்கு முடிகிறது. மாமல்லபுரத்தில் தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்கள் மாலை 6 மணிக்கு அடைபடுகின்றன. வானிலைத் துறை மழையை அளக்கும் நாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடிகிறது, ஒரு தேதியின் மழை என்று செய்தியில் வரும் அளவில் முந்தைய நாளின் பகலும் இரவும் அடங்கியிருக்கும். சிறுசேரியில் நியூயார்க் நிறுவனத்துக்காக வேலை பார்ப்பவருக்கு, அங்கே மாலை 5 மணி ஆகும்போது இங்கே மறுநாள் அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. தேவனேரியிலோ கொக்கிலமேட்டிலோ ஃபைபர் படகில் போகிறவர் இருட்டிலேயே கடலுக்குப் போய், முற்பகலில் கரை சேர்ந்து, மீனை ஏலம் விட்டுவிட்டு உறங்கப் போகிறார். நண்பகல் தாண்டும்போதே அவருடைய வேலைநாள் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ஒரே மாவட்டத்துக்குள் இத்தனை முடிவுகள். ‘மாலை’ என்ற சொல்லும் நிலையாக நிற்பதில்லை. இந்தக் கரையில் டிசம்பர் முதல் பாதியில் சூரியன் 5.40ஐ ஒட்டி மறைகிறது, ஜூன் கடைசியில் 6.35ஐத் தாண்டுகிறது. வெளிச்சம் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலைக்கு ‘மாலைக்குள்’ என்று எழுதினால், ஆண்டின் ஒரு பகுதியில் ஒரு மணி நேரத்தை இல்லாத வெளிச்சத்துக்குக் கடன் கொடுத்ததாகும். ஆகவே ‘இன்று மாலைக்குள்’ என்பது ஒரே அலுவலகத்துக்குள், ஒரே நேரத்தில் கதவைச் சாத்திவிட்டுப் போகும் இரண்டு பேருக்கு நடுவில் மட்டும் சரியாக வேலை செய்யும். அந்தக் கதவைத் தாண்டி ஒரு தாள் வெளியே போனால் மணியை எழுதியே ஆக வேண்டும்.

தேதியை மட்டும் எழுதுவதும் போதாது. ‘15ஆம் தேதிக்குள்’ என்றால் 15 சேருமா சேராதா? சேரும் என்று அனுப்புகிறவர் நினைப்பார். 15ஆம் தேதி காலையில் வேலையைத் தொடங்க வேண்டியவர், 14 அன்றே கைக்கு வந்துவிடும் என்று காத்திருப்பார். இருவரும் தமிழைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். ‘அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 7 நாட்கள்’ என்பதிலும் இதே சிக்கல்தான்: கிடைத்த நாள் கணக்கில் உண்டா? சட்டங்களைப் படிக்கும்போது இந்தச் சண்டை வரக் கூடாது என்பதற்காகவே 1897ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம் 9ஆம் பிரிவில் ஒரு வழி செய்து வைத்தது. ‘இந்த நாளிலிருந்து’ என்று சொன்னால் முதல் நாளை விட்டுவிட வேண்டும்; ‘இந்த நாள் வரை’ என்றால் கடைசி நாளைச் சேர்க்க வேண்டும். கடைசி நாளில் நீதிமன்றமோ அலுவலகமோ மூடியிருந்தால் அடுத்துத் திறக்கும் நாளில் செய்தாலும் செல்லும் என்கிறது 10ஆம் பிரிவு. ஆனால் இந்தப் பாதுகாப்பு சட்டத்தின் கீழ் வரும் கெடுக்களுக்குத்தான். ஊராட்சியின் பலகையில் ஒட்டும் அறிவிப்பையோ, ஒப்பந்தக்காரருக்கு எழுதும் கடிதத்தையோ படிப்பவர் அந்தச் சட்டத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். எனவே எண்ணுகிற வேலையை எழுதுகிறவரே செய்து, முடிவாக நிற்கும் தேதியையும் கிழமையையும் போட்டுவிட வேண்டும். கிழமைக்கு இன்னொரு பயனும் உண்டு. தேதி தவறாக அச்சானால் அதைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் கிழமைதான்.

இவற்றுள் அதிகக் குழப்பம் தருவது நள்ளிரவு. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் வரும் மீன்பிடித் தடைக்காலத்தை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். ஏப்ரலில் 16, மே மாதத்தில் 31, ஜூனில் 14 என்று இரு முனைகளையும் சேர்த்து எண்ணினால்தான் 61 வரும். அப்படியானால் தடை தொடங்கும் கணம் ஏப்ரல் 14 முடிந்து 15 பிறக்கும் நொடி. முடியும் கணம் ஜூன் 14 முடிந்து 15 பிறக்கும் நொடி. பேச்சிலும் செய்தியிலும் இது ‘ஏப்ரல் 14 நள்ளிரவு’ என்றும் வரும், ‘ஏப்ரல் 15 நள்ளிரவு’ என்றும் வரும். நம் வழக்கில் பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள். இரவு 12 மணிக்கு விழித்திருப்பவர் இன்னும் பழைய தேதியில்தான் இருக்கிறார். கடிகாரத்தின்படி 15ஆம் தேதியின் 0 மணியும் 14ஆம் தேதியின் 24 மணியும் ஒன்றே. ஆகவே ‘15 நள்ளிரவு’ என்பதைப் படிக்கிற ஒருவர் முழுதாக 24 மணி நேரம் தள்ளிப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது, அப்படிப் புரிந்துகொண்டு கடலில் இருந்தால் அவர் விதியை மீறியவராகிறார். இதைத் தவிர்க்க எளிய வழி, 12 மணியை எழுதாமல் விடுவது. ‘14ஆம் தேதி இரவு 11.59க்குள் கரை சேர வேண்டும்’ என்றால் இரண்டாவது அர்த்தம் கிடையாது. ஒரு நிமிடத்தை விட்டுக்கொடுத்து ஒரு நாளைக் காப்பாற்றுகிறோம்.

இனி ‘கூடிய விரைவில்’. இதன் குணத்தை அறிய இந்தியச் சட்ட நூல்களைப் போல நல்ல இடம் கிடையாது, ஏனென்றால் அங்கே இந்தச் சொல் தனியாகவும் வருகிறது, எல்லையோடு சேர்ந்தும் வருகிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் 7ஆம் பிரிவில், இயன்ற அளவு விரைவாக, எப்படியும் விண்ணப்பம் கிடைத்த 30 நாட்களுக்குள் தகவல் தரச் சொல்கிறது. ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றிய தகவலானால் 48 மணி நேரம். தவறினால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் என்று 20ஆம் பிரிவு தொடர்கிறது. தமிழ்நாட்டின் குண்டர் தடுப்புச் சட்டமும் (1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம்) காவலில் வைக்கப்பட்டவருக்குக் காரணங்களைக் கூடிய விரைவில், ஆனால் 5 நாட்களுக்கு மேற்படாமல், தெரிவிக்க வேண்டும் என்கிறது. இரண்டிலும் ‘விரைவில்’ என்ற சொல் வீணாக நிற்கவில்லை. 30 நாள் இருக்கிறதே என்று 29ஆம் நாள் வரை கோப்பைத் தூங்க வைக்காதே என்கிறது அது. ஆனால் கெடுவாக வேலை செய்வது அந்த எண்தான். மேல்முறையீட்டுக்கும் அபராதத்துக்கும் கணக்கு ஓடுவது அதை வைத்துத்தான்.

எண் இல்லாமல் அந்தச் சொல்லைத் தனியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கான வழக்கு தமிழ்நாட்டிலிருந்தே போனது. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்புவதானால் ‘கூடிய விரைவில்’ அனுப்பலாம் என்கிறது அரசியலமைப்பின் 200ஆம் பிரிவு. எத்தனை நாள் என்று அங்கே இல்லை. மசோதாக்கள் நிலுவையில் இருந்ததை எதிர்த்துத் தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில், 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு அந்தச் சொல்லுக்குள் மாதக் கணக்கை நிரப்பியது: சூழ்நிலையைப் பொறுத்து ஒரு மாதம் அல்லது மூன்று மாதம். குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டதன் பேரில் கூடிய ஐந்து நீதிபதி அமர்வு அதே ஆண்டு நவம்பர் 20 அன்று வேறு முடிவுக்கு வந்தது. அரசியலமைப்பு காலவரையறை சொல்லாத இடத்தில் நீதிமன்றம் ஒன்றை எழுதிச் சேர்க்க முடியாது. நெடுங்காலம் விளக்கமின்றிச் செயலற்று இருந்தால் மட்டும் முடிவெடுக்குமாறு வரம்புக்குட்பட்டு உத்தரவிடலாம் என்றது. இதில் யார் பக்கம் நியாயம் என்பது இந்தக் கட்டுரைக்கு வெளியே உள்ள விஷயம். வரைவாளருக்கு இதில் இருக்கும் பாடம் வேறு. குடியரசுத் தலைவருக்கான இணைப் பிரிவின் வரைவில் முதலில் ஆறு வாரம் என்று இருந்தது. அரசியல் நிர்ணய சபையில் 1949இல் அது எடுக்கப்பட்டு ‘கூடிய விரைவில்’ வைக்கப்பட்டது. ஆறு வாரம்கூட எடுத்துக்கொள்ளாமல் வேலை நடக்கட்டும் என்று நினைத்தவர்கள் உண்டு. எண் இல்லாத சொல் நழுவும் என்று எச்சரித்த எச்.வி. காமத் போன்றவர்களும் உண்டு. எழுபத்தாறு ஆண்டுகள் கழித்து நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே இரண்டு முறை உட்கார்ந்து, அந்தச் சொல்லில் எத்தனை நாள் இருக்கிறது என்று இரண்டு விதமாகச் சொல்ல வேண்டியிருந்தது. நம் கடிதத்தைப் பெறும் எழுத்தரால் அதை எப்படித் தீர்மானிக்க முடியும்?

அப்படியானால் மணி சொல்லாத அவசரச் சொல்லுக்கு வேலையே கிடையாதா? உண்டு, தொடங்கும் கணத்தைச் சொல்லும்போது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது இந்திய நேரப்படி காலை 6.29க்கு, இந்தக் கரையை அலை எட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியில் ஒரு எச்சரிக்கை வந்திருந்தால் அதில் இருக்க வேண்டிய முதல் சொல் ‘உடனே’தான். மேட்டுக்குப் போகச் சொல்லும்போது, 8.30க்குள் போய்ச் சேருங்கள் என்று மட்டும் சொன்னால் 8.15 வரை கரையில் நிற்பவர்கள் இருப்பார்கள். ஆனாலும் 2007 முதல் ஹைதராபாத்திலிருந்து இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையம் ஒவ்வொரு கரைக்கும் அலை வந்துசேரக்கூடிய நேரத்தையும் கணித்துத் தருகிறது. காரணம், மக்களுக்கு ‘உடனே’ போதும்; ஆம்புலன்ஸை எந்த நேரம் வரை கரைச்சாலையில் விடலாம் என்று முடிவு செய்பவருக்குப் போதாது. ‘உடனே’ வேலையைத் தொடங்க வைக்கும். எப்போது நிறுத்த வேண்டும், எப்போது முடித்திருக்க வேண்டும் என்பதை அது சொல்லாது.

இதை ஒரு நிகழ்வில் வைத்துப் பார்ப்போம். மாண்டஸ் புயல் 2022 டிசம்பர் 9 இரவு 10.30க்கும் மறுநாள் அதிகாலை 1.30க்கும் இடையே மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது; காற்று மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர், இடையிடையே 85. கடக்கும் நேரமே இரண்டு தேதிகளில் விழுகிறது என்பதைக் கவனியுங்கள். இப்படி ஒரு புயலுக்கு முன், 60 ஃபைபர் படகுகள் உள்ள ஒரு ஊருக்குப் படகுகளை மேடேற்றச் சொல்லி அறிவிப்பு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். எண்களைக் கணக்குக்காக எடுத்துக்கொள்கிறேன். 9ஆம் தேதி காலையிலிருந்தே காற்று பலக்கும் என்றால், அலை வந்து அடிக்கும் மணலில் வேலை செய்யக் கடைசி நல்ல பகல் 8ஆம் தேதி வியாழன். ஒரு படகை டிராக்டரில் கட்டி இழுத்து மேட்டில் வைத்துவிட்டுத் திரும்ப 15 நிமிடம் ஆகும் என்றால், 60 படகுக்கு ஒரு டிராக்டர் 15 மணி நேரம் ஓட வேண்டும். அவ்வளவு பகல் டிசம்பரில் இல்லை. இரண்டு டிராக்டர் என்றால் ஏழரை மணி நேரம். காலை 9 மணிக்குத் தொடங்கினால் மாலை 4.30க்கு முடியும், இருட்ட ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கும். ஆக, இந்த ஊருக்கு உண்மையான கெடு மாலையில் இல்லை, காலை 9 மணியில் இருக்கிறது. இன்னும் பின்னால் போவோம். இழுப்பதற்கு முன் வலையையும் எஞ்சினையும் இறக்க ஒரு மணி நேரம் என்றால், படகு 8 மணிக்குக் கரையில் இருக்க வேண்டும். 30 கிலோமீட்டர் வெளியே இருக்கும் படகு மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் வர இரண்டரை மணி நேரம். அது அதிகாலை 5.30க்குத் திரும்பியாக வேண்டும்.

இப்போது மூன்று வாசகங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘படகுகளைக் கூடிய விரைவில் மேடேற்றவும்’ என்று எழுதினால், முந்தைய நாள் இரவே படகை மேடேற்றுகிறவரும் இருப்பார், காற்று எழும்பட்டும் பார்க்கலாம் என்று காத்திருப்பவரும் இருப்பார். இருவரும் அறிவிப்பை மீறவில்லை. ‘வியாழன் மாலைக்குள்’ என்று எழுதினால் இன்னும் மோசம்: ஆளுக்கு ஆள் பிற்பகல் 3 மணிக்கு வந்து நிற்பார்கள், இரண்டு டிராக்டரும் இருட்டுவதற்குள் இருபத்தைந்து படகைக்கூடத் தாண்டாது. கணக்கிலிருந்து பிறக்கும் வாசகம் இப்படி இருக்கும்: ‘கடலில் உள்ளவர்கள் 8.12.2022 வியாழன் காலை 8.00 மணிக்குள் கரை சேர வேண்டும். 30 கிலோமீட்டர் தொலைவில் இருப்பவர்கள் அதிகாலை 5.30க்கே திரும்பத் தொடங்கவும். 9.00 மணிக்குள் வலையையும் எஞ்சினையும் இறக்கித் தயாராக வைக்கவும். டிராக்டர் 9.00 முதல் மாலை 4.30 வரை, தெற்கு முனையிலிருந்து வரிசையாக இழுக்கும். அதன் பிறகு டிராக்டர் இருக்காது.’ இது நீளம்தான். ஆனால் படிக்கிறவர் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. யாராவது தாமதித்தாலும் தாமதம் எங்கே என்று 8.30 மணிக்கே தெரிந்துவிடும். ‘மாலைக்குள்’ என்ற அறிவிப்பில் அது மாலைக்குப் பிறகுதான் தெரியும், தெரிந்து செய்ய ஒன்றும் இராது.

இதற்கு முதல் மறுப்பு: புயல் கடிகாரம் பார்த்து வருவதில்லையே, மணி சொல்லிவிட்டு அது மாறினால் அடுத்த அறிவிப்பை யார் நம்புவார்கள்? மறுப்பில் பலம் இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கடந்த ஃபெஞ்சல், பிற்பகலில் கடக்கும் என்று முதலில் எதிர்பார்க்கப்பட்டு, கடைசியில் இரவு 10.30க்கும் 11.30க்கும் இடையேதான் கடந்தது. ஆனால் இங்கே இரண்டு நேரங்கள் கலந்துவிடுகின்றன. புயல் வரும் நேரம் கணிப்பு, அது மாறலாம். படகு மேடேற வேண்டிய நேரம் முடிவு, அதைக் கணிப்பின் முன்கூட்டிய எல்லையை வைத்து நாம் எடுக்கிறோம். கணிப்பு தள்ளிப்போனால் படகு சில மணி நேரம் சும்மா மேட்டில் இருக்கும், அவ்வளவுதான். நிச்சயமின்மையை ‘விரைவில்’ என்ற சொல்லுக்குள் மறைப்பதைவிட, அடுத்த தகவல் எப்போது வரும் என்பதற்கு ஒரு மணி சொல்வது நேர்மை: ‘மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரவு 8.00 மணிக்கு மறு அறிவிப்பு வரும்.’ எது தெரியாதோ அதற்கு மணி சொல்ல முடியாது. எப்போது சொல்வோம் என்பதற்கு எப்போதும் முடியும்.

இரண்டாவது மறுப்பு, மணி சொன்னால் எல்லோரும் கடைசி நிமிடம் வரை இழுப்பார்கள் என்பது. இழுப்பார்கள்தான். அதனால்தான் தகவல் உரிமைச் சட்டத்தின் அமைப்பு நல்ல முன்மாதிரி: முன்னால் விரைவு, பின்னால் எல்லை. ஆனால் அலுவலகங்களில் இதற்குச் செய்யும் மருந்து வேறு. உண்மையில் வெள்ளிக்கிழமை தேவைப்படுவதற்குப் புதன்கிழமை என்று எழுதிவிடுவார்கள். இரண்டு முறை இப்படிச் செய்தால், புதன் என்றால் வெள்ளி என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பிறகு உண்மையாகவே புதனன்று தேவைப்படும்போது அதைச் சொல்லச் சொல் இருக்காது. சலுகை கொடுப்பதானால் அதையும் எழுதிக் கொடுப்பதே வழி. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்தது போன்ற செஸ் போட்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பின் விதி இதைத் தெளிவாகச் செய்கிறது: ஆட்டக்காரர் எவ்வளவு தாமதமாக வரலாம் என்பதைப் போட்டியின் விதிமுறை முன்பே குறிப்பிட வேண்டும், குறிப்பிடாவிட்டால் அந்த அவகாசம் பூஜ்ஜியம். சலுகை உண்டா, எவ்வளவு, மீறினால் என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் அங்கே நடுவரின் முகத்தைப் பார்த்து யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்பு மரியாதை சார்ந்தது. மேலதிகாரிக்கோ ஊர்ப் பெரியவருக்கோ ‘காலை 11 மணிக்குள்’ என்று எழுதுவது உத்தரவு போடுவதாகத் தோன்றும், ‘தங்கள் வசதிப்படி விரைவில்’ என்பதுதான் பண்பு என்பார்கள். ஆனால் விரைவில் என்று பணிவாக எழுதிவிட்டு, நாளுக்கு இரண்டு முறை தொலைபேசியில் நினைவூட்டுவதில் பண்பு எங்கே இருக்கிறது? மணியைக் கடுமையாக்குவது மணி அல்ல, காரணம் இல்லாமை. ‘ஒப்பந்தப் புள்ளிகள் பிற்பகல் 3.00 மணிக்கு முடிவதால், தங்கள் ஒப்புதல் காலை 11.00 மணிக்குள் கிடைத்தால் பதிவேற்ற நேரம் இருக்கும்’ என்ற வரியில் பணிவும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. அந்தப் பெரியவரால் 11 மணிக்கு முடியாவிட்டால், 12க்குத் தருகிறேன் என்று திருப்பிச் சொல்லவும் அது இடம் தருகிறது. ‘விரைவில்’ என்பதோடு யாரும் பேரம் பேச முடியாது, எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது?

ஆகவே கெடு எழுதும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: இது என் கையை விட்டுப் போனதும் அடுத்து யார், எப்போது, எதைத் தொடங்க வேண்டும்? அதற்கு விடை தெரிந்தால் தேதி, கிழமை, மணி மூன்றும் எழுதலாம், காரணத்தை அரை வரியில் சேர்க்கலாம். பெறுபவரும் நாமும் ஒரே கதவுக்குள் இருந்தால் ‘மாலைக்குள்’ போதும். ஆபத்தில் ஒருவரை நகர வைக்க வேண்டுமானால் ‘உடனே’ போதும். இந்தக் கேள்விக்கு விடையே கிடைக்காமல், அடுத்து யாரும் எதையும் தொடங்கப் போவதில்லை என்று தெரிந்தால், அங்கே கெடுவே தேவையில்லை. ‘அவசரம்’ என்று எழுதும் கையை அங்கே நிறுத்திக்கொள்வதும் வரைவாளரின் வேலைதான்.